பிங் அனுப்புவது 32 பைற், வயர்ஷார்க் காட்டுவது 74. ஹெடர் படத்தோடு கணக்கு ஒத்துவரவில்லை

உவர்மலை மாணவி
வணக்கம், திருகோணமலையில் உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிறேன். எங்கள் குறிப்பில் உள்ள படத்தில் ஏழு படைகள். தரவு கீழே இறங்க இறங்க ஒவ்வொரு படையும் முன்னால் ஒரு ஹெடர் பெட்டியை ஒட்டுகிறது, தரவு இணைப்புப் படை மட்டும் பின்னாலும் ஒன்று ஒட்டுகிறது. நேரில் பார்ப்போம் என்று அண்ணாவின் விண்டோஸ் லப்டொப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து இதைக் கொடுத்தேன்:

```
ping -n 1 192.168.1.1
```

32 பைற் அனுப்புவதாகச் சொல்கிறது, வயர்ஷார்க்கில் நீளம் 74. மிச்சம் 42 எங்கிருந்து வந்தது? ஏழு ஹெடரும் எங்கே? பின்பெட்டியையும் காணவில்லை.

நிலாவெளி நெட்
தங்கச்சி, டிசிபி ஹெடர் 20, ஐபி ஹெடர் 20. 32ஓடு கூட்டினால் 72. மிச்சம் 2 பைற்தான் நீங்கள் தேடுகிற பின்பெட்டி.

கேபிள்காரன்
தம்பி, ஐபி 20 என்பது சரி, ஆனால் பிங்கில் டிசிபியே இல்லை, ஐசிஎம்பிதான் போகிறது, அதன் ஹெடர் 8 பைற். பின்பெட்டியும் 2 இல்லை, 4.

தங்கச்சி, நடுப் பகுதியில் Internet Protocol என்ற வரியைச் சொடுக்குங்கள், கீழே எண்களில் அதற்குரிய 20 பைற் மட்டும் நிறம் மாறும். முதல் எண் 45ஆ? அதில் 4 என்பது ஐபி பதிப்பு, 5 என்பது ஹெடரின் நீளம், நாலு நாலு பைற்றாக எண்ணினால் ஐந்து, அதாவது 20. அதே ஹெடரில் மூன்றாவது நாலாவது பைற் 00 3c என்று இருக்க வேண்டும், அது 60. ஐபி தன்னையும் தனக்குள் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிற நீளம் அது: 20, 8, 32. அதற்கு முன்னால் ஈதர்நெட் 14. கூட்டிப் பாருங்கள், 74.

உவர்மலை மாணவி
45 இருக்கிறது, 00 3c இருக்கிறது! கடைசியில் abcdef என்று எழுத்துகள் w வரை போய், திரும்ப a இலிருந்து i வரை வருகிறது. அதுதான் 32ஆ?

கேபிள்காரன்
அதுவேதான், விண்டோஸ் நிரப்பி அனுப்புகிற தரவு. 23 எழுத்து, பிறகு 9. இனி ஈதர்நெட் பகுதியின் கடைசி இரண்டு பைற்றைப் பாருங்கள், 08 00. உள்ளே இருப்பது ஐபி என்று அது சொல்கிறது. ஐபி ஹெடரின் பத்தாவது பைற் 01, உள்ளே ஐசிஎம்பி என்று அர்த்தம். உங்கள் படத்தில் இது தெரியாது, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: ஒவ்வொரு ஹெடரும் அடுத்து உள்ளே யார் என்று சொல்லிவிடுவதால்தான் வாங்குகிற பக்கம் வரிசையாகக் கழற்ற முடிகிறது.

அப்புறம் அந்தப் பின்பெட்டி. பிழை சோதிக்கிற 4 பைற், கேபிளில் உண்மையாகவே போகிறது. போகும்போது நெட்வேர்க் கார்ட்டே ஒட்டுகிறது, வரும்போது சரிபார்த்துக் கழற்றிவிட்டுத்தான் மேலே கொடுக்கிறது. வயர்ஷார்க் அதற்கு மேலே நின்று பார்ப்பதால் வழக்கமாகக் கண்ணில் படாது. கேபிளில் 78.

கிண்ணியா வாசகன்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டில் சில தளங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. யாரோ சொல்லி, ரவுட்டரைத் தாண்டி வெளியே உள்ள ஒரு முகவரிக்கு `ping -f -l 1472` கொடுத்தேன், போகவில்லை. 1464 போகிறது. இதுவும் ஹெடர் சங்கதியா?

கேபிள்காரன்
ஓம், அதே கூட்டல்தான். 1464, 8, 20 சேர்ந்தால் 1492. ஈதர்நெட் சுமக்கக்கூடியது 1500, அதில் 8 பைற்றை வேறொரு ஹெடர் எடுத்திருக்கிறது. பிபிபிஓஇ இணைப்பு என்றால் சரியாக 8தான் போகும். ரவுட்டரில் எம்டியு என்ற இடத்தில் 1492 இருக்கிறதா பாருங்கள். தளங்கள் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன்.

கிண்ணியா வாசகன்
1492 என்றுதான் இருக்கிறது. அப்படியும் நிற்கிறது.

உவர்மலை மாணவி
என் ஏழு ஹெடர்?

நிலாவெளி நெட்
டிசிபி பற்றிச் சொன்னது என் பிழை. மேல் மூன்று படைக்கும் தனித்தனி ஹெடர் இருந்தே ஆக வேண்டும் என்றுதான் நானும் படித்தேன்.

கேபிள்காரன்
அது ஓஎஸ்ஐ மாதிரியின் படம். நாம் ஓட்டுவது டிசிபி/ஐபி, அங்கே மேல் மூன்று படையின் வேலையையும் செயலியே பார்த்துக்கொள்கிறது. எச்டிடிபி தன் ஹெடரைத் தானே எழுதும், ஆனால் அமர்வுக்கு ஒன்று, முன்வைப்புக்கு ஒன்று என்று தனிப் பெட்டி தேடினால் கிடைக்காது. பௌதிகப் படைக்கும் வயர்ஷார்க்கில் பெட்டி இல்லை. பரீட்சையில் எந்தப் படத்தை வரைவது என்பதை உங்கள் சேரிடம் கேளுங்கள், புள்ளித் திட்டம் எனக்குத் தெரியாது.

உவர்மலை மாணவி
சரி அண்ணா, கேட்கிறேன். இப்போது கேபிளைக் கழற்றி வைஃபையில் பார்த்தேன், அதிலும் ஈதர்நெட் என்றுதான் காட்டுகிறது, அதே 74. வைஃபைக்கு வேறு ஹெடர் இல்லையா?

கேபிள்காரன்
இருக்கிறது, இதைவிடப் பெரியது. டிரைவர் அதைக் கழற்றி ஈதர்நெட் மாதிரி மாற்றித் தருகிறது. ஐபியிலிருந்து உள்ளே இருக்கிற 60 பைற் மாறியிருக்காது, 00 3cயை மறுபடி பாருங்கள்.