இன்-பிளேஸ் சார்ட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? (பத்தாங் பெர்ஜுந்தை கலைச்சொல் மடல்குழு)

அனுப்பியவர்: சனிக்கிழமை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்துல நடக்குற கணினி வகுப்புக்கு சொல்பட்டியல் போட்டுக்கிட்டு இருக்கேன், இன்-பிளேஸ்ல வந்து மாட்டிக்கிட்டேன். மெர்ஜ் சார்ட் இன்-பிளேஸ் இல்ல, குவிக்சார்ட்டும் ஹீப் சார்ட்டும் இன்-பிளேஸ்னு புத்தகத்துல இருக்கு. நான் "இடத்திலேயே வரிசையாக்கம்"னு போர்டுல எழுதுனேன், ஒரு பையன் "டீச்சர், அப்பன்னா உடனே வரிசையாக்குறதா?"ன்னு கேட்டான். அவன் கேட்டதும் சரிதான், "அந்த இடத்திலேயே பிடிச்சுட்டாங்க"ன்னா உடனேன்னுதானே அர்த்தம். வேற சொல் இருந்தா சொல்லுங்க.

அனுப்பியவர்: தோட்டத்து ஆபீஸ் அண்ணன்

"நிலையான வரிசையாக்கம்"னு வைங்க மா. இடம் மாறாம நிலையா இருக்கு, அவ்ளோதானே.

அப்படியே என் கதையையும் கேட்டுக்குங்க. செம்பனைக் குலை ஏத்துற லோரிங்களோட எடைச்சீட்டு 1,400 கிட்ட இருக்கு, சீட்டு நம்பர்படி அடுக்கலாம்னு பைத்தன்ல குவிக்சார்ட் நானே எழுதுனேன், கடைசி நம்பரத்தான் பிவட்டா எடுத்தேன். 50 சீட்டு கொடுத்து பாத்தப்ப நல்லா ஓடுச்சு, மொத்தத்தையும் கொடுத்ததும் `RecursionError: maximum recursion depth exceeded`னு விழுந்துடுச்சு. கூடுதல் இடமே வேண்டாங்குற சார்ட் ஏன் இப்படி சாகுது?

அனுப்பியவர்: கோலாலம்பூர்ல வேலை செய்யுற தம்பி

அண்ணே, "நிலையான" வேணாம். சமமான ரெண்டு சீட்டு முன்ன இருந்த முன்பின் மாறாம வர்றதுக்கு அந்த சொல்ல ஏற்கனவே பல பேரு பயன்படுத்துறாங்க. ஹீப் சார்ட்டுக்கு அந்த குணம் கிடையாது, ஆனா அது இன்-பிளேஸ். ரெண்டையும் ஒரே சொல்லுல போட்டா பசங்க குழம்பிப் போயிடுவாங்க.

உங்க எரர் பைத்தனோட பிரச்சனைதான். குவிக்சார்ட் இன்-பிளேஸ்தான், இன்னொரு அரே எடுக்கறதில்ல, அதே அரேல மாத்தி மாத்தி வைக்குது. பைத்தன்ல ரிகர்ஷன் லிமிட் 1000, அத ஏத்திவிட்டா சரியாயிடும். சொல்லுக்கு "இடம்பெயரா வரிசையாக்கம்" எப்படி?

அனுப்பியவர்: ரிட்டயர்டு புரோகிராமர்

தம்பி சொன்னதுல பாதி சரி. இன்னொரு அரே எடுக்கலங்குறது உண்மை, ஆனா இடம் அரேல மட்டுமா போவுது? குவிக்சார்ட் ஒரு பக்கத்த வெட்டி உள்ள போகும்போது, திரும்பி வந்து எத எதச் செய்யணும்னு ஸ்டேக்ல எழுதி வச்சுட்டுத்தான் போவுது. அண்ணனோட சீட்டுங்க ஏற்கனவே வரிசையா இருந்துருக்கும், கடைசிதான் பிவட், ஆக ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பக்கம் காலி, இன்னொரு பக்கத்துல ஒண்ணே ஒண்ணு குறையுது. 1,400 சீட்டுக்கு 1,400 படி ஆழம். 50ல தப்பிச்சதுக்கும் காரணம் அதுதான்.

லிமிட்ட ஏத்துனா இந்தத் தடவை தப்பிக்கலாம். சி-ல எழுதி 10 லட்சம் எண் கொடுத்து பாருங்க. எண்ணுக்கு 8 பைட்னா மெர்ஜ் சார்ட் கேக்குற இன்னொரு அரே 8 மெகாபைட். குவிக்சார்ட் இதே மாதிரி மாட்டுச்சுன்னா, ஒரு படிக்கு 48 பைட்னு குறைவா வச்சாலும் 48 மெகாபைட் ஸ்டேக் கேக்கும், லினக்ஸ்ல வழக்கமா கொடுக்குறதே 8 மெகாபைட்தான், பாதி வழியிலேயே விழுந்துடும். இன்-பிளேஸ்னு பேரு வாங்குனது மெர்ஜ் சார்ட்ட விட ஆறு மடங்கு திங்குது, பாத்துக்குங்க.

இதுக்கு வழி இருக்கு. சின்ன பக்கத்துக்கு மட்டும் ரிகர்ஷன், பெரிய பக்கத்துக்கு லூப்.

```python
def qs(a, lo, hi):
    while lo < hi:
        p = partition(a, lo, hi)
        if p - lo < hi - p:
            qs(a, lo, p - 1)
            lo = p + 1
        else:
            qs(a, p + 1, hi)
            hi = p - 1
```

சின்ன பக்கம் எப்பவும் பாதிக்கு மேல போகாது, அதனால 10 லட்சம் எண்ணுக்கும் ஆழம் 20 கிட்ட நின்னுடும், ஒரு கிலோபைட் வரும். நேரம் குறையும்னு நினைக்காதீங்க, பிவட் மோசமா இருந்தா அது அப்படியேதான் இருக்கும்.

ஹீப் சார்ட்டுக்கு இந்தத் தொல்லையே இல்ல, கையால போட்டுப் பாருங்க. 14, 22, 9, 31, 17. ஹீப் ஆக்குனா 31, 22, 9, 14, 17. முதல்ல இருக்குற 31ஐயும் கடைசி 17ஐயும் மாத்துங்க, 31 தன் இடத்துக்குப் போயிடுச்சு, இனி அதத் தொடமாட்டோம். முன்னாடி நிக்குற 17ஐ கீழ இறக்குனா 22, 17, 9, 14, அப்புறம் கோடு போட்டு 31. மறுபடி 22ஐயும் 14ஐயும் மாத்துனா வால் பக்கம் 22, 31 ஆச்சு. ஹீப் தலைப் பக்கம் சுருங்குது, வரிசை வால் பக்கம் வளருது, ரெண்டும் அதே அஞ்சு கட்டத்துக்குள்ள. மாத்துறதுக்கு ஒரே ஒரு தற்காலிகக் கட்டம் போதும், கீழ இறக்குறத லூப்பா எழுதுனா ஸ்டேக்கும் வளராது. வில்லியம்ஸ் இத 1964ல எழுதுனாரு.

"இடம்பெயரா" வேணாம் தம்பி. 31 தலையிலேர்ந்து வாலுக்கு ஓடுறத இப்பதான் பாத்தோம், இடம்பெயராம எப்படி? நான் சொல்றது "தன்னிட வரிசையாக்கம்".

அனுப்பியவர்: சனிக்கிழமை டீச்சர்

"தன்னிட" வாயில நல்லா வருது. ஆனா ஒரு சந்தேகம். பைத்தன் மேனுவல்ல `list.sort()` இன்-பிளேஸ்னு போட்டிருக்கு. உள்ள இருக்குறது மெர்ஜ் வகைன்னு கேள்விப்பட்டேன். அப்ப அது பொய்யா?

அனுப்பியவர்: ரிட்டயர்டு புரோகிராமர்

பொய் இல்ல மா, சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். 2002ல டிம் பீட்டர்ஸ் எழுதுன டிம்சார்ட் அது, வரிசையா கிடக்குற துண்டுங்கள எடுத்து மெர்ஜ் பண்ணுது. பண்றப்ப சின்ன துண்ட மட்டும் தனியா தூக்கி வைக்கும், அதனால மிஞ்சிப் போனா பாதி லிஸ்ட் அளவு, 10 லட்சம் இருந்தா 4 மெகாபைட் கிட்ட. முடிவு மட்டும் அதே லிஸ்ட்லயே வந்து உக்காருது. மேனுவல் சொல்றது அந்த அர்த்தம். அல்காரிதம் புத்தகம் சொல்றது வழியில எவ்ளோ கூடுதல் இடம் புடிக்குதுங்குறத. அதனால ரெண்டு சொல் வேணும்: முடிவு அங்கேயே இருந்தா "தன்னிட", கூடுதல் இடம் ரொம்ப கம்மின்னா "சிற்றிட". `list.sort()` தன்னிடம், சிற்றிடம் இல்ல.

அனுப்பியவர்: கோலாலம்பூர்ல வேலை செய்யுற தம்பி

ஐயா, ஸ்டேக் விஷயம் ஒத்துக்குறேன், நான் அத கணக்குலயே எடுக்கல. ஆனா இங்கிலீஷ்ல ஒரே சொல்ல வச்சு ஓட்டுறாங்க, நாம மட்டும் ரெண்டு போட்டா பசங்க புத்தகத்துல இன்-பிளேஸ்னு பாக்குறப்ப எதுன்னு எடுத்துப்பாங்க? சரி, சிற்றிடம்னா எவ்ளோ சிறுசு? ஆழம் 20 வர்ற குவிக்சார்ட் சிற்றிடமா இல்லையா? ஒரே கட்டத்துக்கு மேல கூடாதுன்னா அது வெளிய போயிடும், ஹீப் மட்டுந்தான் நிக்கும்.

அனுப்பியவர்: ரிட்டயர்டு புரோகிராமர்

எண்ணிக்கை ரெண்டு மடங்கானா ஒரு படி கூடுற அளவுதான்னா உள்ள விடலாம்னு என் கருத்து. ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, அவங்க கட்சியும் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

அனுப்பியவர்: தோட்டத்து ஆபீஸ் அண்ணன்

பெரியவர் கொடுத்தத போட்டேன். எரர் போச்சு. ஆழம் எவ்ளோன்னு எண்ண விட்டேன், 1,400 சீட்டுக்கும் 2தான் வருது! காலி பக்கத்துக்குள்ள போயிட்டு உடனே திரும்பிடுது போல. ஒப்பிடுறதையும் எண்ணுனேன், 9,79,300. ஏற்கனவே வரிசையா இருக்குறத அடுக்க இவ்ளோ ஒப்பிடணுமான்னு என் மகன் சிரிக்கிறான்.

அனுப்பியவர்: சனிக்கிழமை டீச்சர்

பட்டியல்ல "தன்னிட வரிசையாக்கம்" ஏத்திட்டேன். "சிற்றிட" பக்கத்துல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன், தம்பி ஒத்துக்கிட்டா எடுத்துடறேன். அண்ணே, பிவட்ட நடுவுல இருந்து எடுத்துப் பாத்துட்டு எண்ணிக்கைய அனுப்புங்க, அடுத்த சனிக்கிழமை உங்க 1,400 சீட்டையே போர்டுல போடலாம்.