பிளஸ் டூ இயற்பியலுக்கு இரண்டு மாதத் திருப்புதல்: நாங்கள் செய்து பார்த்தவை

கல்லூரி முதலாண்டு மாணவி, திருவாரூர்

சென்ற ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் நான் திருப்புதலைத் தொடங்கினேன். இயற்பியலோடு கணிதம், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் இருந்தன. இயற்பியலில் 11 பாடங்கள் என்பதால், பாடத்துக்கு ஐந்து நாள் வீதம் 55 நாள்களில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். பொங்கல் விடுமுறையும் திருப்புதல் தேர்வும் குறுக்கிட்டதில் காந்தவியலிலேயே ஒன்பது நாள் பின்தங்கிவிட்டேன். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வேறு காத்திருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. மூன்று வாரம் கழித்து நிலைமின்னியலுக்குத் திரும்பியபோது, நன்றாகத் தெரிந்திருந்த வருவித்தல்கள் பாதியில் நின்றன.

அதன்பின் அட்டவணையைக் கிழித்துவிட்டு, மாலை ஏழு முதல் எட்டு வரையிலான ஒரு மணி நேரத்தை இரண்டாகப் பிரித்தேன். முதல் 40 நிமிடம் அன்றைய புதிய பகுதிக்கு. மீதி 20 நிமிடம், சரியாக ஒரு வாரத்துக்கு முன் படித்த ஒரு வருவித்தலைப் புத்தகம் பார்க்காமல் வெள்ளைத்தாளில் எழுதுவதற்கு. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, எந்த வரியில் தடுமாறினேனோ அதை மட்டும் சிவப்பு மையில் எழுதுவேன். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் காண்பதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் சிவப்பு மை விழுந்தது. இரு மின்புலங்களையும் கழித்து 4ra/(r² − a²)² வரை வந்துவிடுவேன். அங்கே r ≫ a என்று எழுதி a²-ஐ விட்டுவிட வேண்டும், 2aq-ஐ p என்று மாற்ற வேண்டும் என்ற இரண்டு படிகளையும் தாண்டிக் கடைசி விடைக்குக் குதித்துவிடுவேன். எனக்கு விடை தெரியாமல் இல்லை; நடுப்படிகள்தான் தெரியவில்லை. படித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

உயிரியலை விடியற்காலைக்கு மாற்றினேன். எட்டரைக்கு மேல் ஒரு நாள் கணிதம், ஒரு நாள் வேதியியல். ஐந்து வாரத்தில் எல்லாப் பாடங்களும் ஒரு சுற்று முடிந்தன. மின்காந்த அலைகளுக்கும் அண்மைக்கால வளர்ச்சிகளுக்கும் ஆளுக்கொரு நாள்தான் கொடுத்தேன். அவை போதுமாகவும் இருந்தன.

இயற்பியல் ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி

இந்த வெள்ளைத்தாள் முறையை நானும் வகுப்பில் பின்பற்றுகிறேன். ஆனால் வருவித்தலுக்குக் கிடைக்கும் நேரம் கணக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள்களில் காண்கிறேன். 70 மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு வினா கட்டாய வினா. அவை 24-ஆவதும் 33-ஆவதும்; பெரும்பாலும் கணக்காகவே வரும். மற்ற வினாக்களில் தெரியாததை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம், இவற்றில் முடியாது.

சென்ற மாதம் ஒரு மாணவன் எழுதியதைச் சொல்கிறேன். ஓர் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் 2.3 eV எனில் பயன்தொடக்க அலைநீளம் என்ன என்பது கணக்கு. λ = hc/φ என்று சரியாகத் தொடங்கினான். மேலே 19.88 × 10⁻²⁶ வந்தது. கீழே 2.3-ஐ அப்படியே போட்டு வகுத்து, 8.6 × 10⁻²⁶ மீட்டர் என்று விடை எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தான். அணுக்கருவே 10⁻¹⁵ மீட்டர் அளவில் இருக்கும்போது, உலோகத்தின் மேல் விழும் ஒளியின் அலைநீளம் அதைவிட இவ்வளவு சிறியதாக இருக்குமா என்று கேட்டேன். உடனே எலக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக மாற்றவில்லை என்பதை அவனே கண்டுகொண்டான். 1.6 × 10⁻¹⁹ ஆல் பெருக்கினால் கீழே 3.68 × 10⁻¹⁹ வரும்.

அடுத்த தடை மடக்கை அட்டவணை. கால்குலேட்டர் கிடையாது. 1.2984-இலிருந்து 0.5658-ஐக் கழித்தால் 0.7326, அதன் எதிர்மடக்கை 5.403. ஆகவே விடை ஏறத்தாழ 5403 Å. இந்தச் சிறு வேலைக்கு அவனுக்கு ஆறு நிமிடம் பிடித்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு கணக்குகளைக் கடைசி எண் வரை அட்டவணை பார்த்தே முடிக்கும்படி சொன்னேன். ஒரு மாதத்தில் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டான். சூத்திரம் எழுதிப் பிரதியிட்டதும் 'மீதி தெரியும்' என்று நிறுத்திவிடுவதுதான் திருப்புதலில் நான் காணும் மிகப் பெரிய தவறு.

பொறியாளர், ஓசூர்

என் அனுபவத்தில் இவ்வளவும் தேவையில்லை. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தும் 'அல்லது' வகை. ஆறு பாடங்களை மட்டும் முழுமையாகப் படித்தால் ஒவ்வொரு இணையிலும் ஒன்று நமக்குத் தெரிந்ததாகவே இருக்கும். நான் அணுக்கரு இயற்பியலையும் எலக்ட்ரானியலையும் திறக்கவே இல்லை. மற்ற பாடங்களுக்கு அதனால் நேரம் கிடைத்தது.

இயற்பியல் ஆசிரியை

தம்பி, நேரம் குறைவாக இருப்பவர் முதலில் பெரிய பாடங்களை எடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் ஓர் இணையின் இரண்டு வினாக்களும் விட்ட பாடங்களிலிருந்தே வரலாம். வராது என்று யாரும் உறுதி தரவில்லை. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15-உம் கட்டாய வினாக்களும் எந்தப் பாடத்திலிருந்தும் வரும். எலக்ட்ரானியலில் முழு அலை திருத்தியின் படமும் லாஜிக் கேட்களின் உண்மை அட்டவணைகளும் இரண்டு மாலைகளில் கைக்கு வருபவை. விடுவதென்றால் அவற்றையா விடுவது?

ஒரு மாணவரின் தந்தை, சென்னை

என் மகன் சிபிஎஸ்இயில் படிக்கிறான். எங்களுக்குச் செய்முறைத் தேர்வுக்கு 30 மதிப்பெண். பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. எனவே ஜனவரியில் தொடங்கும் இந்தத் திட்டம் காலந்தாழ்ந்தது அல்லவா? நாங்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்தோம்.

கல்லூரி முதலாண்டு மாணவி

ஐயா, நான் எழுதியது மார்ச்சில் நடக்கும் மாநிலப் பாடத்திட்டத் தேர்வுக்கு. உங்கள் மகனுக்கு டிசம்பர்தான் பொருத்தம். நாள்கள் மாறினாலும் ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதிப் பார்ப்பது அவருக்கும் உதவும் என நினைக்கிறேன்.

பிளஸ் டூ மாணவர், தருமபுரி

அக்கா, எனக்கும் அதே நான்கு பாடங்கள். சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேரவே ஏழு மணி ஆகிவிடுகிறது. நான் கணிதம் முடித்த சூட்டோடு இயற்பியல் கணக்குகளை எடுக்கிறேன். தொகையீடும் வெக்டரும் நினைவில் இருப்பதால் வேகமாகப் போகிறது. ஆனால் அரை மணி நேரத்துக்குப் பின் குறிகளில் பிழை விடத் தொடங்குகிறேன். நேற்றுக்கூட நடுவரைக் கோட்டில் இருமுனையின் மின்புலத்துக்கு எதிர்க்குறியை விட்டுவிட்டேன். இடையில் வேறு பாடம் வைக்க வேண்டுமா?

இயற்பியல் ஆசிரியை

நான் நடுவில் கரிம வேதியியலையோ உயிரியல் படங்களையோ வைக்கச் சொல்வேன். எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் இதை ஒப்புக்கொள்வதில்லை. தொடர்ச்சி அறுந்துவிடும் என்பார். அவர் பேச்சைக் கேட்டு நன்றாக எழுதிய பிள்ளைகளும் உண்டு. ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். எந்த வாரத்துத் தாளில் சிவப்பு மை குறைவு என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பிளஸ் டூ மாணவர், தருமபுரி

இன்று முதல் தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வைக்கிறேன், டீச்சர். எதிர்க்குறி விட்ட நேற்றைய தாள்தான் முதல் தாள்.