சமையலுக்கு ஆள் வருகிறார்கள், நிற்பதில்லை. மெசேஜில் என்ன தப்பு?

பி பிளாக், 2-ம் மாடி (மடிப்பாக்கம்): அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து தேடுகிறேன். குரூப்பில் இப்படிப் போட்டேன்: "சமையலுக்கு ஆள் தேவை. சின்னக் குடும்பம். காலையில் இரண்டு மணி நேரம். சம்பளம் பேசிக்கொள்ளலாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு." நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் மூன்றாம் நாளே வரவில்லை. ஒருவர், "பாத்திரமும் தேய்க்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

ஏ பிளாக்: சம்பளம் பத்தலை. ஆயிரம் ஏத்துங்க, நிப்பாங்க.

பி பிளாக்: 6,500 சொன்னேன். இங்கே ஒரு வேளை சமையலுக்கு அது குறைவில்லையே?

 

டி பிளாக், 3-ம் மாடி: அந்த ஒரு வாரத்துக்குக் காசு உண்டா?

பி பிளாக்: வேலைக்கு எடுத்தால் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

டி பிளாக்: அங்கேதான் தப்பு. காலையில் மூன்று வீடு பார்க்கிறவர் உங்களுக்காக ஒரு வீட்டை விடணும். எடுக்காவிட்டால் அந்த வீடும் போச்சு, வார உழைப்பும் போச்சு. அதனால் மூன்று நாள் போதும். 6,500-ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 250. அதை அன்றன்றே கையில் கொடுங்கள்.

அப்புறம் "சின்னக் குடும்பம்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பேர், என்ன சமையல், காய் யார் நறுக்குவது, பாத்திரம் உண்டா என்று எழுதுங்கள். இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"நாலு பேருக்குக் காலை டிபன், மதியத்துக்குச் சாதம், ஒரு குழம்பு, ஒரு பொரியல். சைவம். 6.30 முதல் 8.30 வரை. காய் நறுக்கணும், அடுப்பு மேடை துடைக்கணும். பாத்திரம், மாவரைப்பது இல்லை. ஞாயிறு லீவு, அது போக மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. 6,500. முதல் மூன்று நாள், நாளுக்கு 250, அன்றே."

ஈ பிளாக்: எங்க வீட்டு அக்கா காசில்லாமல்தான் ஒரு வாரம் வந்தாங்க. நாலு வருஷமா இருக்காங்களே.

டி பிளாக்: அப்போ அவங்க கையில் வேற வீடு இல்லாம இருந்திருக்கும். கேட்டுப் பாருங்க.

ஏ பிளாக்: விருந்தாளி வந்தா?

டி பிளாக்: அதுக்குத் தனியாத் தரணும். எவ்வளவுன்னு முதல் நாளே பேசிடுங்க. நான் பேசாம விட்டு, பொங்கல் அன்னிக்குச் சண்டையாப் போச்சு.

பி பிளாக்: நேற்று புது மெசேஜ் போட்டேன். ஒரு அக்கா வந்தார். சாம்பார் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. 250 கொடுத்ததும் "நாளைக்கும் வரேன்மா" என்றார். ஆனால் முதல் வீட்டை முடித்துவிட்டு 7.15-க்குத்தான் வர முடியுமாம், என் பையனுக்கு ஸ்கூல் வேன் 7.40-க்கு. டிபன் மட்டும் நானே செய்துகொண்டால் சம்பளத்தைக் குறைக்கலாமா, அப்படியே கொடுக்கலாமா?

டி பிளாக்: குறைக்காதீங்க. அந்த நேரத்துல சாயங்காலத்துக்கு ஒரு கூட்டு செய்வாங்களான்னு கேளுங்க.

ஏ பிளாக்: வேலை குறைஞ்சா சம்பளமும் குறையணும், அதுதான் நியாயம்.