ஐலைனுக்குத் தமிழில் என்ன சொல்?

தக்கலையிலிருந்து:
குளச்சல் மீன்காரப் பாட்டி ஒருத்தியை வைத்துக் குட்டி அனிமேஷன் செய்கிறேன். வியாபாரி விலை சொல்கிறான், பாட்டி யோசித்துவிட்டு மாட்டேன் என்கிறாள். முகபாவத் தாளில் எட்டு முகம் வரைந்தாயிற்று. கோபம், சிரிப்பு எல்லாம் சரி, யோசனை மட்டும் வரவில்லை. அதோடு, பாட்டி எதைப் பார்க்கிறாள் என்று காட்டுகிற ஐலைனுக்கு ஒரு தமிழ்ச்சொல்லும் வேண்டும். குறிப்பில் ‘கண்கோடு’ என்று எழுதினேன், கூட வேலை செய்கிற தங்கச்சி பாட்டிக்கு மை தீட்டிவிட்டாள்.

நாகர்கோவிலிலிருந்து:
‘கண்ணோட்டம்’ இருக்கிறதே தம்பி. கண் ஓடுவதுதானே?

மார்த்தாண்டத்திலிருந்து:
கண் ஓடுவது சரிதான் ஐயா, ஆனால் குறளில் அது இரக்கம், இன்றைக்கோ கருத்து. இங்கே வேண்டியது கண்மணியிலிருந்து பார்க்கும் பொருள் வரை போகிற கோடு. ‘பார்வைக்கோடு’ போதும்.

தம்பி, யோசனையை ஒற்றை முகத்தில் தேடாதீர்கள். ஒரு முகம் இன்னொன்றாக மாறுகிற இடத்தில்தான் அது தெரியும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வையுங்கள். விலை காதில் விழுந்ததும் கண்மணி மட்டும் 2 ஃபிரேமில் கூடைக்குப் போகட்டும், தலை அசையக் கூடாது. அரை விநாடி அங்கேயே நிற்கட்டும். பிறகு கண் வியாபாரியிடம் திரும்பட்டும், மூன்று நான்கு ஃபிரேம் கழித்துத் தலை பின்னால் வரட்டும். தலை திரும்பும்போதே ஒரு இமைப்பு: மூட 2, மூடியபடி 1, திறக்க 3. திறப்பது கொஞ்சம் மெதுவாக இருந்தால்தான் உயிர் தெரியும். சும்மா நிற்கும்போது ஒரே இடைவெளியில் இமைத்தால் பொம்மைதான்.

கூடையைப் பார்க்கையில் மேலிமையும் கூடவே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கண்மணிக்கு மேலே வெள்ளை தெரியும், பாட்டி பயந்தமாதிரி ஆகிவிடும்.

தோவாளையிலிருந்து:
என் பையன் போன் பார்க்கும்போது சிமிட்டுவதே இல்லை. அதைச் சொல்கிறீர்களா? ‘சிமிட்டல்’ நல்ல சொல்தானே?

மார்த்தாண்டத்திலிருந்து:
அது வேறு கதை அக்கா. சிமிட்டல் என்று எழுதினால், வரைகிறவர் ஒற்றைக் கண்ணை மூடிக் குறும்பாக வரைந்துவிடுவார். இமைப்பு என்றால் இரண்டு கண்ணும் தானாக மூடித் திறப்பது.

தக்கலையிலிருந்து:
இப்போது செய்து பார்த்தேன். தனி லேயரில் இரண்டு கண்மணியிலிருந்தும் சிவப்புக் கோடு போட்டேன். கூடையில் சேர வேண்டிய கோடுகள் இணையாக ஓடுகின்றன. அதனால்தான் பாட்டி கடலைப் பார்க்கிறமாதிரி இருந்திருக்கிறது! கண்மணிகளை மூக்குப் பக்கம் ஒரு பொட்டு நகர்த்தினேன், பார்வை மீனில் விழுந்துவிட்டது. பார்வைக்கோடு, இமைப்பு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். தலைக்கு முன்னால் கண் போவதை ‘கண்முந்தல்’ என்று எழுதலாமா?

நாகர்கோவிலிலிருந்து:
பந்தயம்போல இருக்கிறது. ‘முன்னோக்கு’?

மார்த்தாண்டத்திலிருந்து:
அது எதிர்காலத்தைப் பார்ப்பதுபோல ஆகிவிடுமே ஐயா.