விசா விண்ணப்பத்தில் பிறந்த தேதி மாறியிருக்கிறதா? படத்தை நீக்கிவிட்டேன், கட்டங்களை எழுதுகிறேன்

வணக்கம். நேற்று அம்மாவின் விசா விண்ணப்ப அச்சுப்படியைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். எண்களை மறைத்திருந்தேன், ஆனால் மூலையில் இருந்த பார்கோடை மறந்துவிட்டேன். அதிலும் விவரங்கள் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் நீக்கிவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இனி சொற்களிலேயே சொல்கிறேன். பெயர்க் கட்டங்கள் இரண்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றன. பாஸ்போர்ட் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டேன், சரி. சிக்கல் பிறந்த தேதியில்தான். கட்டத்துக்குக் கீழே எந்த வரிசை என்று எதுவும் அச்சிடவில்லை. அம்மா பிறந்த நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் வருபவை. உண்மையான தேதி வேண்டாம், உதாரணத்துக்கு ஜூலை 3 என்று வைத்துக்கொள்ளுங்கள்: படிவத்தில் 07/03 என்று இருக்கிறது. மாதம் முதலில் என்றால் சரி, நாள் முதலில் என்றால் மார்ச் 7 ஆகிவிடும். நாள் 12-க்கு மேல் இருந்திருந்தால் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் இரண்டாவதில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக வரும். அங்கே ஜூலை 3 என்றே பொருள்படுகிறது, ஆகவே பாஸ்போர்ட்டில் பிழை இல்லை.

அதே படிவத்தில் பாஸ்போர்ட் முடியும் தேதியில் நாள் 20-க்கு மேல். அது நாள் முதலாகத்தான் அச்சாகியிருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

சமர்ப்பித்த பிறகு இப்படி மாறியதைக் கண்டவர்கள், நேர்காணலில் திருத்தினீர்களா, புதிய படிவம் நிரப்பினீர்களா? கட்டணம் இன்னும் கட்டவில்லை.