புதுப்பிப்பு: பிச்சாவரம் மீன்கொத்தி எது என்று தெரிந்துவிட்டது

என் கேள்வி: "பிச்சாவரத்தில் பொழுது சாயும்போது எடுத்த படம். தலை கறுப்பாகத் தெரிகிறது. வெண்மார்பு மீன்கொத்தியா, கருந்தலை மீன்கொத்தியா?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. இது கருந்தலை மீன்கொத்திதான். "நிறத்தை விடுங்க, வெள்ளை எங்கே முடியுதுன்னு பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வெண்மார்பு மீன்கொத்தியின் பழுப்புத் தலையும் மங்கலில் கறுப்பாகவே தெரியும். ஆனால் அதன் வெள்ளை தொண்டை, மார்போடு நின்றுவிடும். படத்தை வெளிச்சமாக்கிப் பார்த்தால், வெள்ளை பிடரியைச் சுற்றிப் பட்டையாகப் போகிறது.

இறக்கையின் வெள்ளைத் திட்டைப் பார்க்கச் சொன்னதும் நல்ல யோசனைதான், ஆனால் அது இரண்டுக்கும் உண்டு. எதிர்பாராதது, சிவப்பு அலகுகூடக் கறுப்பாகப் பதிந்திருந்தது. தன் வீட்டுக் குளத்துச் சிறு மீன்கொத்தியைப் பற்றிக் கேட்டவர் படம் போடுங்கள், தனியாகப் பார்ப்போம். என் பறவை இளசா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.