நான்காம் பாவமும் சந்திரனும்: இரு ஜாதகங்களை ஒப்பிட உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் இருக்கும் எங்கள் மகளுக்குப் புனலூரில் ஒரு வரன் வந்து, பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று. ஆனால் இல்லறத்தில் இருவரும் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை.

மகளுக்கு மேஷ லக்னம். நான்காம் வீடான கடகத்தில் சந்திரன் ஆட்சி பெற்றிருப்பதால், தாய்வீட்டுப் பாசமும் உறவினர் வந்துபோகும் வீடும் அவளுக்கு உயிர் என்று கொள்கிறேன். வரனுக்குத் துலா லக்னம். இரண்டாமிடமான விருச்சிகத்தில் நீசமடைந்த சந்திரன் மீது கும்பத்துச் சனியின் பத்தாம் பார்வையும் விழுவதால், மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் தனிமை தேடுவாரோ என்பதே என் கவலை.

விருச்சிகாதிபதியான செவ்வாய் நான்காமிடமான மகரத்தில் உச்சம் பெற்றுக் கேந்திரத்தில் இருப்பதால் நீசபங்கம் உண்டு. ஆயினும் சுகஸ்தானத்தில் அமர்ந்த அதே செவ்வாய் வீட்டில் அதிகாரப் பேச்சை வளர்க்குமா? எதற்கு அதிக எடை தருவது என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் விளக்க வேண்டுகிறேன்.